மேடும் பள்ளமுமாகப் போகும் குழாயில் ஏர் வால்வும் கசடு வால்வும் எங்கே வைப்பது?

கிணற்றடியில் மோட்டார் நன்றாக ஓடுகிறது, குழாயில் எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டுகிறது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் நீண்ட குழாய் போட்டவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. "காத்து அடைச்சிருக்கு" என்பார் பிளம்பர். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். அந்தக் காற்று எந்த இடத்தில் அடைக்கிறது, ஏன் அங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், குழாய் பதிப்பதற்கு முன்பே ஏர் வால்வுக்கான இடத்தைக் காகிதத்தில் குறித்துவிடலாம். பள்ளத்தில் தண்ணீரையும் வண்டலையும் வெளியேற்றும் கசடு வால்வுக்கும் அதே காகிதம் போதும். பொறியாளர்கள் இதை ஸ்கவர் வால்வு என்றும் வாஷ் அவுட் என்றும் சொல்வார்கள்.

முதலில் காற்று எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். புதிதாகப் பதித்த குழாய் முழுவதும் காற்றுதான் இருக்கும். தண்ணீர் உள்ளே வரும்போது அந்தக் காற்று வெளியேற வேண்டும். அதன் பிறகும் காற்று வந்துகொண்டே இருக்கும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கிச் சுழி விழுந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். உறிஞ்சு குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். இப்படி வந்த காற்றில் ஒரு பகுதி, அழுத்தம் கூடிய பள்ளங்களில் தண்ணீரில் கரைந்துவிடும். அதே தண்ணீர் மேட்டுக்கு ஏறி அழுத்தம் குறையும்போது மறுபடி குமிழாகப் பிரியும். ஆகவே ஒருமுறை காற்றை வெளியேற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

அடுத்தது, காற்று எங்கே நிற்கிறது என்பது. மேட்டின் உச்சியில் நிற்கும் என்று எல்லோரும் சொல்வோம். தண்ணீர் ஓடாத குழாயில் அது சரி. கிணற்றுக்குள் கவிழ்த்து அமுக்கிய சொம்பில் காற்று மாட்டிக்கொள்வது போலத்தான் அதுவும். ஆனால் தண்ணீர் ஓடும்போது அந்தக் காற்று உச்சியோடு நிற்காது. ஓட்டம் அதை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கத்து இறக்கத்தில் தள்ளி வைக்கும். இறக்கத்தில் காற்று நீளமாகப் படுத்திருக்க, தண்ணீர் அதன் அடியில் மெல்லிய ஓடையாக வழிந்து கீழே போகும். தண்ணீர் முன்னால் தள்ள, மிதப்பு பின்னால் இழுக்க, காற்று அங்கேயே தங்கிவிடுகிறது.

இதனால் ஆகும் நஷ்டம் என்ன? குழாய் நிறைந்து ஓடினால், ஒரு மேட்டில் ஏறச் செலவான அழுத்தம் மறுபக்கம் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். காற்று படுத்திருக்கும் பகுதியில் தண்ணீர் வெறுமனே வழிந்து விழுவதால் அந்த அழுத்தம் திரும்பி வராது. காற்றுப் பை இறக்கத்தில் எத்தனை மீட்டர் உயர வித்தியாசத்துக்குப் பரவியிருக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் நஷ்டம். ஒவ்வொரு மேட்டிலும் ஆகும் இந்த நஷ்டம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடும். பம்பு இல்லாமல் தொட்டியிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயில், இந்தக் கூட்டுத்தொகை கிடைக்கும் உயரத்தைத் தாண்டிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. பம்பு உள்ள குழாயில் தண்ணீர் குறைந்து வரும். மேட்டின் உயரத்தைவிட, மேட்டுக்கு அப்பால் இருக்கும் இறக்கத்தின் ஆழம்தான் இங்கே கணக்கு. ஏர் வால்வு வைக்க இடம் தேடுபவர் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது இது.

நெடுக்குவெட்டுப் படம்

குழாய் போகும் தடத்தின் உயரங்களைத் தெரியாமல் வால்வுக்கு இடம் குறிக்க முடியாது. கண்ணால் பார்த்து மேடு பள்ளம் சொல்வது இங்கே ஏமாற்றும். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் நூறு மீட்டர் தூரத்தில் பரவிக் கிடந்தால் கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். ஆனால் குழாயின் விட்டத்தைவிட உயரமான எந்த மேடும் காற்றைப் பிடித்து வைக்கும். கைபேசி காட்டும் உயரத்தையும் நம்ப வேண்டாம். அது பல மீட்டர் தவறக்கூடும், நமக்கு வேண்டியதோ சில சென்டிமீட்டர் துல்லியம். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் சர்வேயரை ஒருநாள் அழைத்துவந்து, 30 மீட்டருக்கு ஒரு புள்ளியும், சரிவு மாறும் இடங்களிலெல்லாம் கூடுதலாக ஒரு புள்ளியும் எடுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் ஒரு மேட்டின் உச்சி எது என்று பார்க்க உதவும். தடம் முழுக்க அதையே வைத்து அளந்தால், சிறு தவறுகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

உயரங்களைக் கட்டம் போட்ட தாளில், தூரத்தைப் படுக்கையாகவும் உயரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிச் செங்குத்தாகவும் வரைய வேண்டும். அப்போதுதான் மறைந்திருக்கும் முதுகுகள் எழுந்து நிற்கும். உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டில், தாழ்வான கிணற்றிலிருந்து மேட்டுத் தோப்பின் தரைத்தொட்டிக்கு 2,400 மீட்டர் குழாய் என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கிணற்றடியை 100 மீட்டர் உயரம் என்று கொண்டால் மற்ற இடங்கள் இப்படி:

| கிணற்றடியிலிருந்து தூரம் (மீ) | இடம் | உயரம் (மீ) |
|---|---|---|
| 0 | கிணற்றடி | 100 |
| 500 | வேப்பமர மேடு | 108 |
| 800 | ஓடைப் பள்ளம் | 102 |
| 1,300 | கரட்டு மேடு | 112 |
| 1,700 | தாழ்ந்த வயல் | 104 |
| 2,150 | பாறை மேடு | 117 |
| 2,250 | வண்டிப்பாதைப் பள்ளம் | 114 |
| 2,400 | தொட்டி வாய் | 119 |

குழாய் 110 மி.மீ. பிவிசி, ஆறு கிலோ அழுத்தத்துக்கானது. உள்விட்டம் சுமார் 103 மி.மீ. ஆகவே ஒரு மீட்டர் குழாயில் சுமார் 8.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். நமக்கு விநாடிக்கு 6 லிட்டர் வேண்டும். அப்படி ஓடும்போது வேகம் விநாடிக்கு 0.72 மீட்டர், உராய்வில் போவது கிலோமீட்டருக்குச் சுமார் 5.5 மீட்டர். முழு நீளத்துக்கும் 13 மீட்டர் உராய்வு, 19 மீட்டர் ஏற்றம், ஆகக் கிணற்றடியில் 32 மீட்டர் அழுத்தம் வேண்டும். பிரஷர் கேஜில் இது சதுர சென்டிமீட்டருக்கு 3.2 கிலோ என்று காட்டும். கிணற்றுக்குள் நீர்மட்டத்திலிருந்து தரைவரை தூக்கும் உயரம் இதில் சேராது.

இப்போது அதே படத்தில் இன்னொரு கோடு வரையுங்கள். தொட்டி வாயில் 119-இல் தொடங்கி, கிணற்றை நோக்கிக் கிலோமீட்டருக்கு 5.5 மீட்டர் ஏறி, கிணற்றடியில் 132-இல் முடியும் சாய்கோடு அது. பம்பு ஓடும்போது குழாயில் எந்த இடத்தில் ஒரு மெல்லிய குழாயைச் செங்குத்தாக நட்டாலும் தண்ணீர் இந்தக் கோடு வரைதான் ஏறும். குழாய்க்கும் இந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த இடத்து அழுத்தம். வேப்பமர மேட்டில் 21 மீட்டருக்கு மேல், கரட்டு மேட்டில் 13 மீட்டர், பாறை மேட்டில் 3.4 மீட்டர்தான். இந்தக் கடைசி எண் ஏன் முக்கியம் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

ஏர் வால்வு இல்லாமல் விட்டால்

முதன்முதலாகத் தண்ணீர் விடும்போது, வேப்பமர மேட்டைத் தாண்டிய தண்ணீர் இறக்கத்தில் வழிந்து ஓடைப் பள்ளத்தை முதலில் நிரப்பும். பள்ளம் நிரம்பியதும் இறக்கத்தில் இருந்த 300 மீட்டர் நீளக் காற்றுக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏற ஏற அது சுருங்கும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி 100 மீட்டர் நீளத்துக்குப் படுக்கும். அந்த 100 மீட்டரில் குழாய் 2 மீட்டர் இறங்குகிறது. ஆக 2 மீட்டர் நஷ்டம். கரட்டு மேட்டுக்கு அப்பால் அழுத்தம் குறைவு என்பதால் காற்று அவ்வளவு சுருங்காது. அங்கே சுமார் 3.5 மீட்டர் போகும். பாறை மேட்டுக்கு அப்பால் சுமார் 2 மீட்டர். மூன்றும் சேர்ந்து 7.5 மீட்டர்.

அழுத்தம் காற்றைச் சுருக்கிவிடும், அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். சுருங்குவது உண்மைதான். ஆனால் பம்பு இழுக்கும் காற்றும் கரைந்து பிரியும் காற்றும் நாள்பட அந்தப் பைகளில் வந்து சேரும். இன்னொன்றும் நடக்கும். கூடுதல் 7.5 மீட்டரைத் தாங்க முடியாத பம்பு, விநாடிக்கு 6 லிட்டருக்குப் பதில் 4.5 லிட்டர்தான் தள்ளும். வேகம் 0.54 மீட்டராகக் குறையும். இந்த அளவுக் குழாயில் விநாடிக்கு 0.7 மீட்டர் வேகம் மெல்லிய சரிவில் இருக்கும் குமிழ்களில் கொஞ்சத்தையாவது அடித்துக்கொண்டு போகும். அரை மீட்டருக்கு அருகில் வந்துவிட்டால் அந்தச் சக்தியும் போய்விடும். காற்றினால் ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைவதால் காற்று நகர மறுக்கிறது. காற்றடைப்பு தானாகச் சரியாகாததற்கு இதுதான் காரணம்.

இடம் குறித்தல்

மூன்று மேடுகளிலும் வால்வு வேண்டும் என்பது படத்தைப் பார்த்ததும் தெரிகிறது. ஒவ்வொரு மேட்டிலும் மிகச் சரியாக எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்று உச்சியைத் தாண்டித்தான் தங்குகிறது என்று பார்த்தோம். ஆகவே வால்வு உச்சியிலோ, உச்சியிலிருந்து ஓரிரு மீட்டர் ஓட்டத் திசையிலோ இருக்கலாம். உச்சிக்கு முன்னால், ஏற்றத்தில் மட்டும் இருக்கக் கூடாது. கரட்டு மேடு போல உச்சி தட்டையாக 30, 40 மீட்டர் நீண்டிருந்தால், தட்டை முடிந்து இறக்கம் தொடங்கும் இடமே சரி. வழியில் கல் கிடக்கிறது, வரப்பு ஓரம் வசதியாக இருக்கிறது என்று பத்து மீட்டர் முன்னால் வைத்த வால்வு, பம்பு நின்றிருக்கும்போதுகூட உச்சியில் இருக்கும் காற்றை எட்டாது.

நம் எடுத்துக்காட்டில் ஏற்றங்கள் எல்லாம் 500 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரே சரிவில் நீண்டுகொண்டே போகும் குழாயானால் 400 முதல் 800 மீட்டருக்கு ஒன்று வைப்பது வழக்கம். லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு வரும் பெரிய குடிநீர்க் குழாயானாலும், தோட்டத்துக் குழாயானாலும் இந்த வழக்கம் ஒன்றுதான். இறக்கம் திடீரென்று செங்குத்தாகும் முனையிலும் ஒன்று வேண்டும். பார்வைக்கு அது மேடாகத் தெரியாது, ஆனால் காற்று நின்றுகொள்ளும்.

சமதளமாகத் தெரியும் இடங்களில் வாய்க்கால் தோண்டும்போதே சரிவு உண்டாக்கிவிட வேண்டும். தண்ணீர் போகும் திசையில் ஏற்றமாக இருந்தால் 500 மீட்டருக்கு 1 மீட்டர், இறக்கமாக இருந்தால் 300 மீட்டருக்கு 1 மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. மண்வெட்டிக்காரர் பாறை தட்டிய இடத்தில் வாய்க்காலைச் சற்று மேலாக்கிவிட்டுப் போனால், படத்தில் இல்லாத ஒரு புது மேடு பிறந்துவிடும். வால்வு வைப்பதற்கான உயரம் தரையின் உயரம் அல்ல, வாய்க்கால் அடியின் உயரம். குழாயை இறக்குமுன் வாய்க்கால் அடியை ஒருமுறை லெவல் பார்ப்பது பின்னாளில் இரண்டு வால்வுகளின் செலவை மிச்சப்படுத்தும்.

பாறை மேட்டுக்கு வருவோம். ஏர் வால்வின் உள்ளே இருப்பது ஒரு மிதவை. தண்ணீர் வந்ததும் மிதந்து ஓட்டையை அடைக்கும். அது சொட்டாமல் இறுக அடைக்க ஒன்று, இரண்டு மீட்டர் அழுத்தமாவது வேண்டும். பாறை மேட்டில் பம்பு ஓடும்போது 3.4 மீட்டர், நின்றிருக்கும்போது தொட்டி வாய் 119-இல் இருப்பதால் 2 மீட்டர். எல்லையில் இருக்கிறது, ஆனால் போதும். இப்போது யாராவது "தொட்டிக்கு மேலே ஏற்றிக் கொட்டுவானேன், அடியிலேயே இணைத்தால் மூன்று மீட்டர் மிச்சம்தானே" என்று 116-இல் இணைத்துவிட்டார் என்று வையுங்கள். தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் பாறை மேட்டின் அழுத்தம் ஓடும்போது அரை மீட்டருக்கும் கீழே போய்விடும். வால்வு சொட்டிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றதும் நிலைமட்டம் பாறை மேட்டுக்குக் கீழே இறங்குவதால், வால்வு வழியாகக் காற்று உள்ளே புகுந்து, பாறையின் இருபுறமும் தண்ணீர் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். இந்தத் தடத்தில் தொட்டிக்கு மேலிருந்து கொட்டுவதே சரி. சாய்கோட்டை ஒட்டியோ, அதற்கு மேலேயோ வரும் எந்த மேட்டிலும் சாதாரண ஏர் வால்வு வைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான்காவது வால்வு கிணற்றடியில், பம்புக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே. மோட்டார் நின்றதும் கிணற்றுக்குள் தொங்கும் குழாய் காலியாகும் அமைப்பானால், அடுத்தமுறை தொடங்கும்போது அந்தக் காற்று முழுவதும் நீண்ட குழாய்க்குள் தள்ளப்படும். அதை வாசலிலேயே பிடித்துவிடலாம்.

எந்த வகை, எந்த அளவு

கடையில் ஏர் வால்வு என்று கேட்டால் இரண்டு வேலை செய்யும் பொருள்கள் ஒரே பெயரில் வரும். பெரிய துளை உள்ளது குழாய் நிரம்பும்போது காற்றை மொத்தமாக வெளியே விடும், காலியாகும்போது காற்றை உள்ளே விடும். ஆனால் அழுத்தம் ஏறி ஒருமுறை அடைத்துக்கொண்டால், பிறகு சேரும் காற்றுக்குத் திறக்காது. சிறிய துளை உள்ளது அழுத்தம் இருக்கும்போதே, சேரச் சேரக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும். ஆனால் நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் தேவைப்படும் காற்றோட்டம் அதற்குத் தாங்காது. மேடுகளில் நமக்கு இரண்டு வேலையும் வேண்டும். இரண்டும் சேர்ந்த டபுள் ஆக்டிங் வால்வு என்று கேட்டு வாங்குங்கள். அளவுக்குப் பழைய நடைமுறை விதி ஒன்று உண்டு: காற்றை விடவும் எடுக்கவும் வேண்டுமானால் குழாய் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. நம் 110 மி.மீ. குழாய்க்கு அது ஓர் அங்குலம்.

குழாயின் மேல்முதுகில் டீயோ சேடிலோ போட்டு, அதில் ஒரு பால் வால்வு, அதன் மேல் ஏர் வால்வு என்று அடுக்க வேண்டும். பால் வால்வு இருந்தால் மோட்டாரை நிறுத்தாமலே ஏர் வால்வைக் கழற்றிக் கழுவலாம். ஏர் வால்வின் வாய் தரைமட்டத்துக்கு மேலே, கீழ்நோக்கி வளைந்து, வலை கட்டியிருக்க வேண்டும். குழிக்குள் வைத்து, குழியில் மழைநீர் தேங்கினால், குழாய் காலியாகும் நேரத்தில் வால்வு அந்தச் சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இன்னொரு கவனமும் தேவை. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அந்த மண், செங்குத்தாக நிற்கும் குழாயை அசைத்து அசைத்துச் சேடிலைத் தளர்த்திவிடும். செங்குத்துக் குழாயைச் சுற்றி ஒரு முழத்துக்கு மணல் நிரப்புவது நல்லது.

பள்ளத்தில் கசடு வால்வு

பம்பு நின்றதும் வண்டல் தங்கும் இடமும், குழாய் உடைந்தால் காலி செய்ய வேண்டிய இடமும் பள்ளம்தான். நம் படத்தில் கிணற்றடி, ஓடை, தாழ்ந்த வயல், வண்டிப்பாதை என்று நான்கு. கிணற்றடியை மறந்துவிடுகிறார்கள். நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அந்தப் பக்கம் ஒரு வடிகால் இல்லாவிட்டால், வேப்பமர மேடு வரையுள்ள 500 மீட்டர் குழாயைக் காலி செய்ய வேறு வழியே கிடையாது. வண்டிப்பாதைப் பள்ளம் மூன்று மீட்டர்தான். தெளிந்த கிணற்று நீரானால் அங்கே ஓர் அங்குல வால்வே போதும். வாய்க்கால் நீரோ வண்டல் கலந்த நீரோ வந்தால் அங்கேயும் மற்ற பள்ளங்களைப் போல இரண்டு அங்குலம் வைக்கலாம்.

கசடு வால்வுக்கான கிளை குழாயின் அடியிலிருந்து பிரிய வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் வண்டல் கீழேயே தங்கிவிடும். பால் வால்வைவிட கேட் வால்வு நல்லது. அது மெதுவாகத் திறக்கும், மெதுவாக மூடும். பட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முழுக் குழாயையும் ஓங்கி அடிக்கும்.

ஓடைப் பள்ளம் இதில் சிக்கலான இடம். குழாய் ஓடைப் படுகைக்கு ஒரு மீட்டர் கீழே போகிறது என்றால், அது முழுவதும் வடிய, வெளிவாய் அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஓடை 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்றால், கிளைக் குழாயை 50 மீட்டருக்கு மேல் கீழ்த்திசையில் கொண்டுபோனால்தான் அந்தத் தாழ்வு கிடைக்கும். அங்கே வெளிவாய் படுகையிலேயே இருப்பதால், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மணல் மூடிவிடும். நாங்கள் பரிந்துரைப்பது வேறு வழி: வால்வும் வெளிவாயும் கரையில், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மேடுகளில் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தால் வண்டல் அடித்துக்கொண்டு வந்துவிடும். கடைசியில் படுகைக்கடியில் சிறிது தண்ணீர் நிற்கும், அதனால் கெடுதல் இல்லை. வெளிவாய்க்கு எதிரே கருங்கல் சல்லியோ சிமெண்டுப் பலகையோ போடாவிட்டால், நான்கு முறை திறப்பதற்குள் கரை அரிந்துவிடும்.

வடிக்கும்போது ஏர் வால்வின் மறுபக்க வேலை தெரியும். ஓடை வால்வைத் திறந்தால் வேப்பமர மேட்டிலிருந்து கரட்டு மேடு வரையுள்ள 800 மீட்டர், அதாவது சுமார் 6,600 லிட்டர் தண்ணீர் அதன் வழியே வெளியேற வேண்டும். அத்தனை லிட்டர் காற்று இரு மேடுகளிலும் உள்ளே வர வேண்டும். இரண்டு அங்குல வால்வை முழுக்கத் திறந்தால் விநாடிக்கு 12 லிட்டருக்கு மேல் பாயக்கூடும். அது பம்பு தள்ளுவதைப் போல இரண்டு மடங்கு. அந்நேரம் ஏர் வால்வின் அடியில் இருக்கும் பால் வால்வு மூடியிருந்தால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். ரப்பர் வளையங்கள் உள்ளே இழுபடும், இணைப்புகள் வழியே மண் உறிஞ்சப்படும். விட்டம் பெரிதாகவும் சுவர் மெல்லியதாகவும் உள்ள குழாய் நசுங்கிவிடுவதும் உண்டு. கால் பங்கு மட்டும் திறந்து, விநாடிக்கு 5, 6 லிட்டர் அளவில் விட்டால் இருபது நிமிடத்தில் வடிந்துவிடும்.

முதல் முறை தண்ணீர் விடுதல்

நிரப்பும்போது வேகம் விநாடிக்கு 0.3 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் குழாய்க்கு அது விநாடிக்கு 2.5 லிட்டர். எல்லா ஏர் வால்வுகளின் பால் வால்வும் திறந்திருக்க, எல்லாக் கசடு வால்வுகளும் திறந்திருக்க, கிணற்றடி கேட் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மோட்டாரைப் போடுங்கள். கிணற்றடி வடிகாலில் 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிரம்பினால் அளவு சரி. பிறகு அந்த வடிகாலை மூடலாம்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் வேப்பமர மேட்டுக்கு வரும். அதுவரை வால்வில் காற்று சீறும், பிறகு தண்ணீர் ஓடையை நோக்கி இறங்கும். ஓடை வால்வில் முதலில் வருவது பிவிசி தூளும் மண்ணுமாக இருக்கும். தெளிந்ததும் மெதுவாக மூடுங்கள். இப்போது பள்ளம் நிரம்பி இருபுறமும் ஏறும், இறக்கத்தில் இருந்த காற்று வேப்பமர மேட்டு வால்வு வழியே போகும். இப்படியே ஒவ்வொரு பள்ளமாக முன்னேற வேண்டும். தண்ணீர் வந்துசேர மட்டும் இரண்டே கால் மணி நேரம் ஆகும், கழுவும் நேரம் தனி. தொட்டியில் சீராகக் கொட்டத் தொடங்கிய பிறகே கேட் வால்வை முழுவதும் திறக்க வேண்டும். அவசரப்பட்டு முழு வேகத்தில் நிரப்பினால், வெளியேறும் காற்றைத் துரத்திவரும் தண்ணீர் மிதவையை ஒரே அடியாக மூடி, பக்கத்து இணைப்பையே பிளந்துவிடலாம்.

காற்றா, கசிவா?

கிணற்றடியில் ஒரு பிரஷர் கேஜும், தொட்டியில் ஒரு டிரம்மும் இருந்தால் நோயைப் பிரித்துச் சொல்லிவிடலாம். சரியான நாளில் கேஜ் 3.2, தொட்டி வாயில் 200 லிட்டர் டிரம் 33 விநாடியில் நிரம்பும். இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு ஒருநாள் டிரம் நிரம்ப 44 விநாடி ஆகிறது, கேஜ் 3.4 காட்டுகிறது என்று கொள்வோம். ஓட்டம் 4.5 லிட்டராகக் குறைந்திருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு உராய்வும் குறையும், அதனால் கேஜ் 2.7 காட்டியிருக்க வேண்டும். கூடுதலாகத் தெரியும் 0.7, அதாவது 7 மீட்டர், வழியில் எங்கோ தொலைகிறது. ஓட்டமும் குறைந்து கேஜும் இறங்கியிருந்தால் கசிவையோ பம்பையோ பாருங்கள். ஓட்டம் குறைந்து கேஜ் ஏறியிருந்தால் காற்றோ வண்டலோ அடைத்திருக்கிறது. காற்றா வண்டலா என்பது மேட்டுக்குப் போனால் தெரிந்துவிடும். பால் வால்வைத் திறந்ததும் நெடுநேரம் சீறினால் காற்று. சீறாமல் தண்ணீர் வந்தால் பள்ளத்தில் கசடு வால்வைத் திறந்துவிடுங்கள்.

பெரும்பாலும் அந்தப் பால் வால்வு மூடிக் கிடக்கும். ஏர் வால்வு சொட்டுகிறது என்று யாரோ நல்லெண்ணத்தில் மூடியிருப்பார்கள். சொட்டுவதற்குக் காரணம் மிதவையின் இருக்கையில் ஒட்டிய மணலோ பாசியோதான். கழற்றிக் கழுவி மாட்டினால் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் யாருக்கும் மூடத் தோன்றாது. அதற்கு மாறாக, ஒரு வால்வு ஓயாமல் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் வால்வைக் குறை சொல்ல வேண்டாம். பம்பு காற்றை இழுக்கிறது, கிணற்று நீர்மட்டத்தையும் உறிஞ்சு இணைப்புகளையும் போய்ப் பாருங்கள்.

ஏர் வால்வே இல்லாமல் முன்பே பதித்த குழாய் என்றாலும் வழி இருக்கிறது. உச்சியைத் தோண்டி, குழாயை வடித்துவிட்டு, சேடில் கட்டித் துளையிட்டு வால்வை ஏற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இல்லையென்றால், உயரமான மேடு எது என்று பார்க்காமல், காற்று எங்கே அதிக உயரத்துக்குப் பரவிக் கிடக்கும் என்று பார்த்து வரிசை போடுங்கள். நம் தடத்தில் உயரமானது பாறை மேடு, ஆனால் முதல் வால்வு கரட்டு மேட்டுக்குத்தான். அங்கே மட்டும் 3.5 மீட்டர் மீளும். அடுத்தது வேப்பமர மேட்டுக்கா பாறை மேட்டுக்கா என்றால் இரண்டிலும் கிடைப்பது ஏறக்குறைய சமம். பாறை மேட்டில் வால்வு இறுக அடைப்பதே எல்லையில் இருப்பதால், வேப்பமர மேட்டை இரண்டாவதாகவும் பாறை மேட்டைக் கடைசியாகவும் வைத்துக்கொள்ளலாம்.